எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவே

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்திலும் இல்லை, நான் வேலை பார்த்த பள்ளியிலும் இல்லை. கணக்கில் ஒரு தப்பைப் பார்த்துவிட்டால் சொன்னவர் யார், எவர் என்று யோசிக்கும் முன்னால் வாய் திறந்துவிடும். அந்த வாயால் என் வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. போகாமல் போனதற்குக் காரணம் ஒரு கேக்கு.

எழுபதுகளின் நடுவில் தேனியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு போடியில். கல்யாணமாகி வந்த வீடு அது. மாமனாருக்கு ஏலக்காய் வியாபாரம். வீட்டின் முன்கட்டு முழுக்க ஏலக்காய் மூட்டை, பின்கட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். அவர்களை மேய்க்க வீட்டு ஆள் ஒருத்தி வேண்டும் என்பது மாமனாரின் நெடுநாள் ஆசை. மருமகள் பட்டம் வாங்கியவள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் அந்தப் பட்டத்தைத் தினமும் காலையில் பஸ் ஏற்றித் தேனிக்கு அனுப்புவதுதான் அவருக்குப் பிடிக்காது.

"இங்க பாருத்தா, இந்த வருசம் வேலைய நிரந்தரம் பண்ணுனாகன்னா நீ பாட்டுக்குப் போ, நான் ஏன்னு கேக்க மாட்டேன். பண்ணலைன்னா பின்கட்டுல வந்து உக்காந்துர்றது. என்ன?" என்றார் ஒருநாள், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அப்பா முன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "சரி மாமா" என்று நானே சொன்னேன். வேறு என்ன சொல்ல?

நிரந்தரம் பண்ணுவது பள்ளி நிர்வாகத்தின் கையில். நிர்வாகமோ ஆண்டு ஆய்வை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து பெண்கள் பள்ளி ஆய்வாளர் அம்மா வருவார். முதல் நாள் வகுப்புகளில் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்பார். மறுநாள் மதியம் எல்லா டீச்சர்களையும் ஒரே அறையில் கூட்டி, அவரவர் பாடத்தைப் பற்றி எழுதியதை எல்லார் முன்னாலும் உரக்க வாசிப்பார். பாராட்டானாலும் சரி, ஏச்சானாலும் சரி, மூடி மறைக்க இடமே கிடையாது. "உனக்கு அந்தம்மா என்ன எழுதுறாகளோ அதுதான் உன் தலையெழுத்து. வாயை மட்டும் கொஞ்சம் கட்டி வையி" என்று தலைமை ஆசிரியை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

நான் ஒரு நல்ல பாடத்தைத் தேடினேன். எண்களின் வரிசையில் இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது பத்தாம் வகுப்பில் உண்டு. கரும்பலகையில் எண்களை எழுதி அடுத்தது என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடும். கேக்கை வைத்துக் கேட்டால் கொட்டாவி எங்கிருந்து வரும்? ஒரு வட்டக் கேக்கை நேராக ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு துண்டு. இரண்டு வெட்டுக்கு நான்கு. மூன்றுக்கு? அதிகபட்சம் எத்தனை துண்டு கிடைக்கும்? அதுதான் பாடம்.

வகுப்புக்கு முன்னால் வீட்டில் பழகிப் பார்த்தேன். கேக்குக்கு எங்கே போவது, தோசையில்தான். முதலில் மூன்று கோட்டையும் நடுமையத்தின் வழியாக இழுத்தேன். ஆறுதான் வந்தது. மூன்று கோடும் ஒரே புள்ளியில் சந்தித்தால் ஒரு துண்டு காணாமல் போய்விடும். மூன்றாவது கோட்டை மையத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இழுத்ததும், நடுவில் ஒரு சின்ன முக்கோணம் எழுந்து ஏழாகிவிட்டது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, தோசையை எதுக்கு இப்படிக் குத்திக் குதறிக்கிட்டு இருக்க? திங்கப் பிடிக்கலைன்னா சொல்லிரு."

"பாடம் அத்தை."

"தோசையிலயா பாடம்? நல்லாருக்குடியம்மா உங்க பள்ளிக்கூடம்!"

எங்கள் வகுப்பில் ஒரு பேக்கரிக்காரர் மகள் இருந்தாள். பஜாரில் அவள் அப்பா கடை, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தத் தெருவே வெண்ணெய் வாசனையாக இருக்கும். அவளிடம் சொல்லி இரண்டு கேக்குக்கு ஏற்பாடு செய்தேன். மேலே ஒன்றும் பூசாத, நல்ல உயரமான வட்டக் கேக்கு. ரொட்டி அறுக்கிற நீளக் கத்தி ஒன்றையும் அவளே கொண்டுவந்தாள். ஒரு கேக்கு சொதப்பினால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு.

ஆய்வாளர் அம்மா வந்தார். நரைத்த கொண்டை, கஞ்சி போட்ட நூல் சேலை, தடித்த சட்டம் போட்ட கண்ணாடி. ஒரு காலத்தில் அவரும் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று தலைமை ஆசிரியை காதில் ஓதினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். 

வெட்டாத கேக்கைக் காட்டி "எத்தனை?" என்றேன். "ஒண்ணு டீச்சர்!" ஒரு வெட்டு. "ரெண்டு!" குறுக்கே இன்னொன்று. "நாலு!" கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை வெட்டினால் அதிகபட்சம் எத்தனை?" என்றேன்.

"எட்டு!" என்று வகுப்பே கூவியது. அந்த எட்டுக்காகத்தான் நான் காத்திருந்தேன். தோசையில் பழகியது போலவே மையத்தைவிட்டுத் தள்ளி, ஏற்கெனவே இருந்த இரண்டு வெட்டையும் தாண்டும்படி கத்தியை இறக்கினேன். ஒரு பிள்ளையை வந்து எண்ணச் சொன்னேன். ஏழு. வகுப்பு "ஐயோ" என்றது. திரும்ப எண்ணினாள். திரும்பவும் ஏழு.

ஏன் ஏழு என்பதைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைத்தேன். புதிய வெட்டு பழைய இரண்டு வெட்டையும் இரண்டு இடத்தில் தாண்டுகிறது. அதனால் அந்தப் புதிய வெட்டே மூன்று பகுதியாகிறது. ஒவ்வொரு பகுதியும் ஒரு துண்டை இரண்டாக்குகிறது. ஆகவே கூடுவது மூன்று. நாலும் மூன்றும் ஏழு. அடுத்த வெட்டு மூன்று பழைய வெட்டைத் தாண்டும், கூடுவது நான்கு, மொத்தம் பதினொன்று. அதற்கடுத்து ஐந்து கூடிப் பதினாறு, பிறகு ஆறு கூடி இருபத்திரண்டு. முதல் வெட்டுக்கு ஒன்று கூடுகிறது, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. பத்து வெட்டுக்கு? ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் ஐம்பத்தைந்து, அதோடு முழுக் கேக்கின் ஒன்று. ஐம்பத்தாறு என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஆய்வாளர் அம்மாவின் குரல் வந்தது.

"டீச்சர், மூணு வெட்டுக்கு எட்டு வரணுமே. நீங்க சரியா வெட்டலை."

"வராதுங்கம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. வாசலில் நின்ற தலைமை ஆசிரியை கண்ணை இறுக்க மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு வெட்டும் இருக்கிற துண்டையெல்லாம் ரெண்டாக்கும். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு. இது இரட்டிக்கிற வரிசை."

"எல்லாத் துண்டையும் அது தொடாதுங்கம்மா" என்று நான் ஆரம்பிக்கும்போதே பேக்கரிக்காரர் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எட்டு வரும்."

அடிப்பாவி, நீயுமா என்று நினைத்தேன். ஆனால் எழுந்து நின்ற பிள்ளையை உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. "வா, வெட்டு" என்றேன். அவள் இரண்டாவது கேக்கை முன்னால் இழுத்து, மேலிருந்து கூட்டல் குறி போல இரண்டு வெட்டு வெட்டினாள். பிறகு கத்தியைப் படுக்கப் போட்டு, கேக்கின் விலாவில் நுழைத்து, மேல்பாதி வேறு கீழ்ப்பாதி வேறாகக் குறுக்கே ஒரே இழுப்பு இழுத்தாள். மேலே நாலு, கீழே நாலு.

"எங்க கடையில ஜாம் தடவுறதுக்கு இப்படித்தான் டீச்சர் அறுப்பாக" என்றாள்.

வகுப்பு கைதட்டியது. ஆய்வாளர் அம்மா எழுந்து முன்னால் வந்தார். "பாத்தீங்களா? பிள்ளைக்குத் தெரியுது" என்று அவள் முதுகில் தட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 1, 2, 4, 8, 16 என்று எழுதினார். அழகான கையெழுத்து. பதினாறின் கீழே ஒரு கோடும் போட்டார்.

அந்த நிமிடம் என் கண் முன்னால் வந்தது போடி வீட்டுப் பின்கட்டுதான். ஏலக்காய் வாசனைகூட வந்தது. 'ஆமாங்கம்மா, என் தப்பு' என்று சொல்லிவிட்டால் போதும். மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனால் கரும்பலகையில் அந்தப் பதினாறு உட்கார்ந்திருக்கிறது, நாற்பது பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 

"அவ சொன்ன எட்டு சரிதாங்கம்மா. கத்தியை நிமிர்த்தித்தான் பிடிக்கணும்னு நான் சொல்லாம விட்டுட்டேன். அது என் குறை. ஆனா நாலு வெட்டுக்குப் பதினாறு வராது. கத்தியை எப்படித் திருப்பினாலும் வராது."

"ஏன் வராது?"

ஏன்? சத்தியமாக எனக்குத் தெரியாது. தட்டையான கேக்கை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். உயரத்தையும் சேர்த்து யோசித்ததே இல்லை. வராது என்று மனதுக்குள் உறுதியாக இருந்தது, அவ்வளவுதான். 

கையிலிருந்த கத்தியின் பக்கவாட்டைப் பார்த்தேன். கேக்குத் தூள் ஒட்டிய அகலமான தகடு. இந்தத் தகடு நாலாவது வெட்டாக இறங்குகிறது என்றால், ஏற்கெனவே உள்ள மூன்று வெட்டும் இதை எங்கே சந்திக்கும்? ஒவ்வொன்றும் இந்தத் தகட்டின் மேல் ஒரு நேர்கோடாகத்தான் சந்திக்கும். ஒரு தட்டையான பரப்பு, அதன் மேல் மூன்று கோடு. மேசையில் முதல் கேக்கு அப்படியே இருந்தது. மூன்று கோடு, ஏழு பகுதி.

"அம்மா, ஏழு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"எது ஏழு?"

"இந்தக் கத்தித் தகட்டைப் பாருங்க. மூணு பழைய வெட்டும் இது மேல மூணு கோடு போடும். மூணு கோட்டால ஒரு தட்டையான இடம் ஏழு பகுதிக்கு மேல ஆகாது. இப்பத்தானே பிள்ளைக எண்ணுச்சு. ஒவ்வொரு பகுதியும் ஒரு துண்டை ரெண்டாக்கும். அதனால கூடுறது ஏழுதான். எட்டும் ஏழும் பதினஞ்சு. எட்டுத் துண்டுல ஒண்ணை இந்தக் கத்தி தொடவே முடியாது. ஒண்ணு தப்பிச்சிரும்."

சொல்லச் சொல்லவே எனக்குப் புல்லரித்தது. உயரமான கேக்குக்கான கணக்கு, தட்டைக் கேக்கின் கணக்கையே படியாக வைத்து ஏறுகிறது! ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினைந்து. ஒவ்வொரு படியிலும் கூடுவது ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு. ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை இது எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை கத்தியைப் படுக்கப் போட்டதால் கிடைத்தது. நான் கரும்பலகைக்குப் போய், அந்த அழகான பதினாறை அழித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினேன்.

மணி அடித்தது. ஆய்வாளர் அம்மா பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தலைமை ஆசிரியை என்னிடம் வந்து, "பதினஞ்சோ பதினாறோ, நீ அழிச்சது அந்தம்மா எழுதுனதை. உனக்கு என்னதான் கேடு?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

அன்று போடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வீட்டில் மாமனார், "ஆபீசரம்மா வந்தாகளா?" என்று கேட்டார். வந்தாக என்றேன். "என்ன சொன்னாக?" நாளைக்குத்தான் சொல்லுவாக என்றேன். பின்கட்டைத் தாண்டிப் போகும்போது அங்கே சுவரோரம் ஒரு புது மணைப்பலகை சாத்தியிருந்தது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை பள்ளி வாசலிலேயே பேக்கரிக்காரர் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், நேத்து சாயங்காலம் அந்தம்மா எங்க கடைக்கு வந்தாக!"

"எந்தம்மா?"

"ஆபீசரம்மா டீச்சர். கூட ஒரு பியூனும் வந்தாரு. ஒரு கேக்கு வாங்குனாக. அங்கனயே மேசையில வச்சு வெட்டணும், கத்தி குடுங்கன்னாக. அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. முதல்ல மேல இருந்து மூணு, அப்புறம் கத்தியைப் படுக்கப் போட்டு ஒண்ணு. எண்ணுனா பதினாலு. இன்னொரு கேக்கு வாங்குனாக. அதுல என்னைய மாதிரியே மூணு வெட்டு வெட்டிட்டு, நாலாவதுக்குக் கத்தியைச் சாய்ச்சு வெட்டுனாக. துண்டெல்லாம் சரிஞ்சு விழுந்துருச்சு. அப்பாதான் பிரிச்சு எடுத்து எண்ணுனாரு. பதினஞ்சாவது துண்டு நடுவுல கடலப்பருப்பு தண்டிதான் டீச்சர் இருந்துச்சு!"

"அப்புறம்?"

"பதினாறு வருதான்னு மூணாவது கேக்கும் வாங்கி வெட்டிப் பாத்தாக. வரல.  ஒரு துண்டுகூட வாயில வைக்கல. அம்புட்டையும் பியூன்தான் கட்டி எடுத்துட்டுப் போனாரு."

எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. தோற்றுப்போன அதிகாரி இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளலாம். ஜெயித்தவர் கோபத்தைவிடத் தோற்றவர் கோபம் பொல்லாதது என்று எனக்கு வீட்டிலேயே அனுபவம் உண்டு.

மதியம் கூட்டம். நிர்வாகத்திலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் அம்மா ஒவ்வொருவராக வாசித்தார். தையல் டீச்சருக்கு ஏச்சு, சரித்திர டீச்சருக்குப் பாதி ஏச்சு பாதி பாராட்டு. என் முறை வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கணக்கு ஆசிரியை. பாடம் மிக நன்று. மாணவிகள் துணிந்து கேட்கிறார்கள். வகுப்பில் ஆய்வாளர் கூறிய விடை தவறு. ஆசிரியை அதைக் காரணத்துடன் திருத்தினார். இவர் இப்பள்ளியில் தொடர வேண்டும்."

 அவர் அதே குரலில் அடுத்த டீச்சருக்கு வாசிக்கப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார், அதுதான் அவர் வாழ்த்து.

கூட்டம் முடிந்து ஜீப்புக்குப் போகும்போது அவர் வராந்தாவில் நின்று என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கணக்கு டீச்சரா இருந்தப்ப இதையேதாம்மா சொல்லிக் கொடுத்தேன். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டுன்னு. எத்தனை வகுப்பு! ஒரு பிள்ளைகூட என்னை மறுத்துப் பேசினதில்லை. நானும் ஒரு நாள்கூட வெட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைங்களை இப்ப நான் எங்க போய்த் தேடறது?"

வாய் நீளமான எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

போடிக்கு வந்து சேர்ந்ததும், "நிரந்தரம் பண்ணிருவாக மாமா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பின்கட்டுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மூட்டையை எண்ணப் போனார். அதில் வருத்தம் பாதி, பெருமை பாதி. வாக்குத் தவறாத மனிதர்.

அடுப்படிக்குள் போனதும் அடக்க முடியாமல் அழுதேன். வேலை நிலைத்த சந்தோஷம்தான். ஆனால் அழுகையில் பாதி அந்தம்மா வராந்தாவில் கேட்ட கேள்விக்காக. அத்தை கல்லிலிருந்து ஒரு தோசையை எடுத்து என் தட்டில் போட்டார்.

"இதை எத்தனையா வெட்டப் போற?"

"வெட்டல அத்தை. திங்கப் போறேன்."